நடிக்க ஆள் தேவை என்று எழுதினால் யார் வருவார்கள்?

முதல் முறை நாங்கள் ஒட்டிய அறிவிப்பில் நான்கு வரிதான் இருந்தது. "குறும்படத்தில் நடிக்க ஆர்வமுள்ளவர்கள் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை. திறமைசாலிகளுக்கு நல்ல வாய்ப்பு. உடனே தொடர்புகொள்ளவும்." கீழே என் செல்பேசி எண். எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிட அவசரத்துக்கு அடுத்த மூன்று வாரம் விலை கொடுத்தோம்.

படம் 12 நிமிடக் குறும்படம். தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மா சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுகிறார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. பூட்டுத் திறப்பவர் வரும் வரை மூன்றாவது மாடியின் படியில் உட்கார்ந்திருக்கிறார். பல வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் அவரோடு ஒரு வார்த்தை பேசாத எதிர்வீட்டுப் பையன் பக்கத்தில் வந்து உட்காருகிறான். அவ்வளவுதான் கதை. அம்மா, பையன், பூட்டுத் திறப்பவர் என்று மூன்று பாத்திரம், படியில் ஏறி இறங்கும் அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர். இயக்கம் என் நண்பர். ஆள் தேடுவதும் தேதிகளை ஒழுங்கு செய்வதும் என் பொறுப்பு.

நடிகர்களைத் தேடாமல் அந்தப் பகுதியில் வசிப்பவர்களையே தேடியதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. மாடிப்படியில் தினமும் ஏறி இறங்குகிறவர் கைப்பிடியைப் பார்க்காமலே பிடிப்பார். எந்தப் படி உடைந்திருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரியும். புதிதாக வருகிற ஒருவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. இந்தப் படத்தில் பாதிக்கு மேல் படிக்கட்டுதான்.

நான்கு நாளில் 31 அழைப்புகள் வந்தன. அவற்றில் 26 பேர் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் உள்ள தம்பிகள். "ஹீரோ ரோலாண்ணா?" என்பதுதான் பெரும்பாலோரின் முதல் கேள்வி. கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட படங்கள், ஜிம்மில் எடுத்த படங்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. நாங்கள் எழுதியதைப் படித்துத்தான் அழைத்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய பெண் ஒருவர்கூட அழைக்கவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்ததே அவர்தான்.

அந்த நான்கு வரியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க யோசித்தோம். அறுபத்தைந்து வயதில் கையில் பையோடு வீட்டுக்குத் திரும்புகிற ஒருவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? "திறமைசாலிகளுக்கு" என்ற சொல்லைப் பார்த்ததும், இது நமக்கில்லை என்று நடையைக் கட்டுவார். "ஆர்வமுள்ளவர்கள்" என்பதும் அப்படித்தான். நடிக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஏங்கிக்கொண்டிருப்பவர்களை மட்டுமே அந்தச் சொல் கூப்பிடுகிறது. நடிப்பு என்ற எண்ணமே வாழ்க்கையில் வந்திராத ஒருவரை அது தொடவே இல்லை.

இன்னொன்று மனதைச் சுட்டது. அழைத்தவர்களில் மூன்று பேர் "எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டார்கள். சினிமாவில் வாய்ப்பு என்று சொல்லிப் பதிவுக் கட்டணம், போட்டோ எடுக்கக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விளம்பரங்களிலும் ஆள் பெயர் இருக்காது, கதை இருக்காது, இடம் இருக்காது, "உடனே" மட்டும் இருக்கும். எங்கள் அறிவிப்பு அச்சு அசலாக அப்படியே இருந்தது. நல்ல எண்ணத்தோடு எழுதினோம் என்பது காகிதத்தில் தெரியாதே.

இந்த இடத்தில் சத்யஜித் ரேயின் அனுபவம் நினைவுக்கு வந்தது. 1955-இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யில் வரும் அப்பு என்ற சிறுவனுக்காக அவர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். பல பையன்கள் வந்தும் யாரும் பொருந்தவில்லை. கடைசியில் அவர் மனைவி பிஜோயாதான் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கண்டுபிடித்தார். அந்தப் பையன் விளம்பரத்தைப் பார்த்து வந்தவன் இல்லை, இன்னொருவர் கண்ணில் பட்டவன். சரி, எங்கள் அறிவிப்பு தேட வேண்டியது நடிக்க வருகிறவரை மட்டும் இல்லை, அவரைக் காட்டிக்கொடுக்கிற அந்தக் கண்ணையும்தான் என்று அப்போது புரிந்தது.

இரண்டாவது அறிவிப்பை எழுதும்போது அந்த அம்மாவுக்கு ஒரு மகள் இருப்பதாக வைத்துக்கொண்டோம். மகள் என்னென்ன கேட்பாள்? யார் நீங்கள், என்ன கதை, அம்மா என்ன செய்ய வேண்டும், எத்தனை நாள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவார், காசு உண்டா, படம் எங்கெல்லாம் வரும், கூட நான் வரலாமா. இந்த எட்டுக் கேள்விக்கும் பதில் சொல்லாத அறிவிப்பை ஒட்டக் கூடாது என்று முடிவு செய்தோம். மூன்று பாத்திரத்துக்கும் தனித்தனித் தாள். அம்மா பாத்திரத்துக்கான தாள் இப்படி அமைந்தது:

"இந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் எடுக்கப்போகும் 12 நிமிடக் குறும்படத்துக்கு ஒரு பெண்மணி தேவை. பார்த்தால் 60-லிருந்து 72 வயதுக்குள் தெரிய வேண்டும்.

கதை: சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்ட ஒருவர், மாலை முழுவதும் படியில் காத்திருக்கிறார்.

செய்ய வேண்டியது: படியில் உட்காருவது, பையில் சாவி தேடுவது, ஒரு சிறுவனோடு பேசுவது. பேச வேண்டியது மொத்தம் 9 வரி. வீட்டில் பேசுவதுபோலப் பேசினால் போதும். ஒரு மாடியளவு படியை ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

நாட்கள்: ஒத்திகை இரண்டு மாலை. படப்பிடிப்பு அடுத்தடுத்த இரண்டு சனி, ஞாயிறு, மாலை 3 முதல் 8 மணி வரை.

படம் முதலில் குறும்பட விழாக்களுக்குப் போகும். பிறகு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும்.

யாரிடமும் எந்தக் கட்டணமும் வாங்க மாட்டோம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த யாராவது நினைவுக்கு வந்தால், அவர்களிடம் சொல்லுங்கள், அல்லது எங்களிடம் சொல்லுங்கள்."

இதற்குக் கீழே ஒரு நாளைக்குத் தரப்போகும் தொகை, எங்கள் இருவரின் முழுப் பெயர், நேரில் சந்திக்கும் நாள், நேரம், இடம், கடைசித் தேதி. தொகை சிறியதுதான். "ஊதியம் நேரில் பேசலாம்" என்று போட்டுவிடலாமா என்று நண்பர் தயங்கினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி எழுதினால் பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒன்றும் தெரியாதவருக்கு ஒன்றும் என்று ஆகிவிடும். ஒரே கட்டடத்தில் அது இரண்டு நாளில் வெளியே வந்துவிடும். பணமே தர முடியாத படம் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்களும் இருப்பார்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. "வயது 65" என்று போடாமல் "பார்த்தால் தெரிய வேண்டும்" என்று போட்டதற்குக் காரணம், கேமராவுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் எழுபது போலத் தெரிகிறவர் உண்டு. எண்ணை மட்டும் போட்டால் அவர் வரமாட்டார். சிறுவர்களுக்கு மட்டும் உண்மை வயதைக் கேட்க வேண்டும். அவர்களை எவ்வளவு நேரம் வேலை செய்ய வைக்கலாம், என்ன அனுமதி வாங்க வேண்டும் என்பது அந்த வயதைப் பொறுத்தது, ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டுதான் பையனுக்கான தாளை ஒட்டினோம்.

படி ஏறி இறங்கும் வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா அழைத்தார். "தம்பி, எனக்கு முட்டி வலி. ஒரு தடவை ஏறுவேன், பத்துத் தடவை முடியாது" என்றார். அந்த வரி இல்லாவிட்டால் அவர் வந்திருப்பார், எங்களுக்கும் பிடித்திருக்கும், முதல் நாள் படப்பிடிப்பில் நான்காவது டேக்கில் உட்கார்ந்துவிட்டிருப்பார். அவருக்கு வலி, எங்களுக்கு நஷ்டம். ஒரே அசைவைப் பல தடவை செய்ய வேண்டும் என்பது படப்பிடிப்பைப் பார்த்திராதவர்களுக்குத் தெரியாது. ஒரு தடவை செய்தால் முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். ஆகவே உடம்பால் செய்ய வேண்டியது எதுவோ, அதை எத்தனை முறை என்ற கணக்கோடு எழுதிவிட வேண்டும். இரவில் விழித்திருப்பது, தண்ணீரில் நனைவது, நாயோடு இருப்பது, எல்லாம் இதில் சேரும்.

ஒட்டும் இடத்தையும் மாற்றினோம். முதல் தடவை பெரிய சுவர்களில், நடந்து போகிறவர் கண்ணில் படும்படி ஒட்டியிருந்தோம். நடந்துகொண்டே யாரும் இருபது வரி படிக்க மாட்டார்கள். இந்தத் தடவை ஆட்கள் நின்று காத்திருக்கும் இடங்களாகத் தேர்ந்தெடுத்தோம். லிஃப்ட் வாசல், மருந்துக்கடை கல்லாவின் பக்கவாட்டு, நூலக வாசல், சலவைக்குத் துணி கொடுக்கும் இடம். ஒவ்வொரு இடத்திலும் உரிமையாளரிடமோ பொறுப்பாளரிடமோ கேட்டுவிட்டுத்தான் ஒட்டினோம். அப்படிக் கேட்டதில் எதிர்பார்க்காத பலன் கிடைத்தது. கதையைக் கேட்டுக்கொண்ட மருந்துக்கடைக்காரர், தாளைப் படித்தவர்களிடம் தானாகவே எங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எழுத்தை இரண்டடி தள்ளி நின்று கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டிச் சோதித்தோம். முடியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினோம், தாள் ஒன்று இரண்டானது. தாளின் அடியில் செல்பேசி எண்ணைப் பல தடவை எழுதி, சிறு சிறு துண்டுகளாக வெட்டித் தொங்கவிட்டோம். கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய், வீட்டில் பேசிவிட்டு, மறுநாள் அழைக்கலாம். வயதானவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

ஒரு வாரத்தில் 14 அழைப்புகள்தான் வந்தன. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் அவற்றில் 9 பேர் தங்களுக்காக அழைக்கவில்லை. "எங்க மாமியாரைச் சொல்லலாமா?", "எங்க மாடியில ஒரு அம்மா இருக்காங்க, பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்", "எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க, நீங்க பேசிப் பாருங்களேன்." அந்தக் கடைசி வரி, தெரிந்தவர் யாராவது நினைவுக்கு வந்தால் என்ற வரிதான் அத்தனை வேலையும் செய்தது. அக்கம்பக்கத்தில் ஆள் தேடுகிறவர்கள் வேறு எந்த வரியை விட்டாலும் அதை விடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வேன். தன்னை முன்னிறுத்தக் கூச்சப்படுகிறவரை அடுத்தவர் முன்னிறுத்துவார்.

தேர்வை நூலகத்தின் சிறிய கூடத்தில் வைத்தோம். யார் வீட்டிலும் வைக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களைத் தனி அறைக்கு வரச்சொல்வது சரியில்லை, எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும். கதவைத் திறந்தே வைத்திருந்தோம். எங்கள் குழுவில் ஒரு பெண்ணும் முழு நேரமும் இருந்தார். ஆளுக்கு 15 நிமிடம். வரிசையில் உட்கார வைத்து ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கும்படி விடவில்லை. பார்த்துவிட்டால் அடுத்தவர் அதையேதான் செய்வார்.

செல்பேசியை ஒரு ட்ரைபாடில் உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு வைத்தோம். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழும்படி நாற்காலி. முதலில் பெயரும், எந்தெந்த நாள் வர முடியும் என்பதும் அவர்கள் வாயாலேயே கேமராவில் சொல்ல வைத்தோம். இது சின்ன விஷயம்தான். ஆனால் தேதியைப் பதிவில் வாய்விட்டுச் சொல்லும்போதுதான் இரண்டு பேருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருப்பது நினைவுக்கு வந்தது. படப்பிடிப்புக்கு முந்தைய நாள் நினைவுக்கு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

வசனம் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்த தாளை வாசிக்கச் சொன்னால், நடித்துப் பழகாதவர்கள் பள்ளியில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று நிமிடம் சும்மா பேசினோம். நீங்கள் எதையாவது தொலைத்துவிட்டுத் தேடிய கதை சொல்லுங்கள் என்றோம். பேசும்போது கேமராவை மறக்கிறாரா, எத்தனை நிமிடத்தில் மறக்கிறார் என்று கவனித்தோம். அப்புறம் ஒரு வேலை. கையில் பையைக் கொடுத்து, "வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள். சாவியை எடுங்கள்" என்போம். பையில் சாவி இருக்காது, அது அவருக்கும் தெரியும். முடிந்ததும், "அதையே இன்னொரு முறை. இந்த முறை யாரோ படியேறி வருகிற சத்தம் கேட்கிறது. நீங்கள் மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரியக் கூடாது."

முதல் முறை எப்படிச் செய்தார் என்பதைவிட, இரண்டாவது முறை மாறுகிறதா என்பதைத்தான் பார்த்தோம். ஒருவர் வந்தார். தேடினார், சாவி இல்லை என்றதும் கண்ணில் நீர் முட்டியது. கூடத்தில் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். இரண்டாவது முறை, யாரோ வருகிறார்கள் என்று சொன்ன பிறகும், அதே இடத்தில் அதே போலக் கண்ணீர் வந்தது. நாங்கள் சொன்னது அவருக்குள் போகவில்லை. ஏற்கெனவே ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் படப்பிடிப்பில் நண்பர் எதை மாற்றச் சொன்னாலும் அந்தக் கண்ணீர்தான் வரும்.

எங்கம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று மகள் சொன்னாரே, அந்த அம்மா வந்தார். "சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்றுதான் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். கண்ணாடிக்கூடு, கைக்குட்டை, ஒரு மருந்துச் சீட்டு. சீட்டை மட்டும் மடிப்புப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்தார். பை காலியானதும் உள்ளே கையை விட்டு அடித்துணியைத் தடவினார். இரண்டாவது முறை, படியேறும் சத்தம் என்றதும், பையைத் திறக்கவே இல்லை. மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் மட்டும் பையின் ஜிப்பை அரை அங்குலம் இழுத்து, மூடி, இழுத்து, மூடிக்கொண்டிருந்தது. நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகும் மீதி நான்கு பேரையும் முழுதாக 15 நிமிடம் பார்த்தோம். தேடி வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது.

பையன் தேர்வில் பெற்றோர் அதே கூடத்தில், ஆனால் பையனின் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்தார்கள். அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிற குழந்தை தானாகப் பேசாது. நாங்கள் கேட்டது நடிப்பு இல்லை, ஒரு விளையாட்டை எங்களுக்குச் சொல்லிக்கொடு என்பதுதான். வந்த ஆறு பேரில் இரண்டு பேர் நடிக்க விருப்பமே இல்லாமல் பெற்றோருக்காக வந்திருந்தார்கள். நேராகக் கேட்டபோது தலையை ஆட்டினார்கள். அவர்களை அன்போடு அனுப்பிவிட்டோம். விருப்பமில்லாத குழந்தையை மிரட்டியோ ஏமாற்றியோ அழ வைத்து எடுக்கிற காட்சி எவ்வளவு நன்றாக வந்தாலும் எனக்கு வேண்டாம்.

இவ்வளவு யோசித்து எழுதிய அறிவிப்பிலும் இரண்டு ஓட்டை இருந்தது. முதல் ஓட்டை முடி. பூட்டுத் திறப்பவராக நடித்தவர் முதல் சனி, ஞாயிறு முடித்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை ஒட்ட வெட்டிய முடியோடு, மீசையை எடுத்துவிட்டு வந்தார். "படத்துல நல்லா இருக்கணும்னுதான் சார்" என்றார். அக்கறையோடுதான் செய்திருக்கிறார். கதையில் இது ஒரே மாலை. படியேறி வருகிறவருக்கு மீசை இருக்கிறது, கதவருகே நிற்பவருக்கு இல்லை. அவர் முகம் தெரியும் ஷாட்டுகளை முதுகுப் பக்கமாகவும் கைகளை மட்டும் காட்டியும் மாற்றி எடுத்தோம். ஒன்றை மட்டும் எப்படிச் செய்தாலும் மறைக்க முடியவில்லை, அதைப் படத்தொகுப்பில் தூக்கிவிட்டோம். படங்களில் காட்சிகளை வரிசை மாற்றி எடுப்பார்கள் என்பதும், அதனால் தோற்றம் மாறக் கூடாது என்பதும் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இப்போது அறிவிப்பிலேயே எழுதுகிறோம்: "தேர்வான நாளிலிருந்து படப்பிடிப்பு முடியும் வரை முடி, மீசை, தாடி, நகம் எதையும் மாற்றக் கூடாது. அணிந்த உடையைத் துவைத்து எங்களிடமே கொடுத்துவிட வேண்டும்." ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது ஓட்டை கையெழுத்து. பெரிய பாத்திரம் மூன்று பேரிடமும் படப்பிடிப்புக்கு முன்பே சம்மதக் கடிதம் வாங்கிவிட்டோம். பையனுக்கு அவன் பெற்றோர் போட்டார்கள். அக்கம்பக்கத்தாராக நடித்த நான்கைந்து பேரிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அவர்களுக்கு அறிவிப்புத் தாளும் இல்லை, வாய் வார்த்தைதான். படியில் நின்று "என்னம்மா, உள்ளே போகலையா?" என்று ஒரு வரி கேட்ட பெண் ஒருவர், படம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்தார். இணையத்தில் வரும் என்பது வீட்டில் தெரிந்து பெரிய பேச்சாகிவிட்டது, எடுத்துவிடுங்கள் என்றார். குரல் நடுங்கியது. விழாவுக்குப் போகும் என்று சொன்னது நினைவிருந்தது, இணையம் என்று சொன்னோமா என்பது எனக்கே உறுதியாக இல்லை. எடுத்துவிட்டோம். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்வதுபோல அம்மா தலையைத் திருப்பும் ஷாட் ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று. படத்தில் இப்போது 11 விநாடி குறைவு. எனக்கு வருத்தம் அந்த 11 விநாடியைப் பற்றி இல்லை. நாங்கள் சரியாகச் சொல்லாததால் அந்த அக்கா தன் வீட்டில் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சம்மதக் கடிதத்தைச் சட்டமொழியில் எழுத வேண்டாம். படத்தின் பெயர், தயாரிப்பவர் பெயர், எந்தெந்த நாள் நடித்தார், என்ன தொகை, படத்தை எங்கெல்லாம் காட்டலாம், அவருடைய முகமும் குரலும் இந்தப் படத்துக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டுமே பயன்படும் என்பது, இரு தரப்புக் கையெழுத்து, தேதி. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அவர்கள் மொழியில் இருக்க வேண்டும், ஒரு பிரதி அவர்களிடம் இருக்க வேண்டும், கேமராவைத் திறக்கும் முன் கையெழுத்தாக வேண்டும். ஒரு வரி பேசுகிறவருக்கும் இதேதான். பெரிய அளவில் வெளியிடப் போகிற படம் என்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

தேர்வாகாதவர்களிடம் பேசுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்த வேலை. தொழில்முறை நடிகர்களுக்குப் பதில் வராவிட்டால் இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தாரோடு அப்படி முடியாது. நாளைக் காலை அதே லிஃப்டில் நிற்க வேண்டும். மூன்று நாளுக்குள் ஒவ்வொருவரையும் நானே அழைத்தேன். குறுஞ்செய்தி அனுப்பவில்லை. "நீங்கள் நன்றாகச் செய்யவில்லை" என்றோ, "அடுத்த படத்தில் கட்டாயம்" என்றோ சொல்லவில்லை. அடுத்த படம் எப்போது, என்ன கதை என்று எனக்கே தெரியாதபோது அப்படிச் சொல்வது பொய். "இந்தப் பாத்திரத்துக்கு இன்னொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உங்கள் பதிவை எங்களைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள், அழித்துவிடுகிறோம்" என்றேன். கண்ணீர் விட்டு நடித்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னதுக்கு நன்றி தம்பி, நானா நினைச்சுக்கிட்டே இருக்காம முடிஞ்சுது" என்றார். பதிவை அன்றே அழித்தேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். ஒட்டிய ஒன்பது தாள்களில் எட்டைத்தான் கிழித்திருந்தோம். சலவைக் கடையில் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒன்று அப்படியே நின்றுவிட்டது. கடைசித் தேதி போட்டிருந்த கீழ்ப்பகுதியை யாரோ எண்ணோடு சேர்த்துக் கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். படம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஓர் அப்பா தன் மகனைக் குளிப்பாட்டி, தலைசீவி, நூலகக் கூடத்துக்கு அழைத்து வந்து காத்திருந்திருக்கிறார். நூலகர் அழைத்துச் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தபோது பையன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், சட்டையில் மடிப்புக் கலையவில்லை. என்ன நடந்தது என்று இருவரிடமும் சொன்னேன். அந்த அப்பா ஒன்றும் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, எடுத்த படத்தைக் கணினியில் போட்டுக் காட்டினேன்.

இப்போது தாளை ஒட்டும்போதே எந்த இடம், யார் அனுமதி கொடுத்தார், எத்தனை தாள் என்று குறித்துக்கொள்கிறேன். கடைசித் தேதியைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே பெரிதாகப் போடுகிறேன். தேர்வு முடிந்த அன்று மாலை அந்தக் குறிப்போடு கிளம்பி, எண்ணி எண்ணிக் கிழித்துக்கொண்டு வருகிறேன்.